சுவர்ப் படத்தை ஒட்டுத் தெரியாத டெக்ஸ்ச்சர் ஆக்க: முதலில் வெளிச்சம், அப்புறம் விளிம்பு

போன மாதம் என் சித்தப்பா மகன் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு பழைய கடைவீட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். தேக்காவில், டன்லப் ஸ்திரீட் பக்கம் ஓர் அஞ்சடி நடைபாதைச் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து, அதையே தன் கடைவீட்டின் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதித்திருந்தான். மஞ்சள் சுண்ணாம்பு உரிந்து, அடியில் இருக்கும் பழைய நீலம் எட்டிப் பார்க்கிற அழகான சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால் நன்றாக இருந்தது. கொஞ்சம் தள்ளி வந்ததும் சுவர் முழுக்க வரிவரியாகப் பட்டைகள்.

"அண்ணே, விளிம்பையெல்லாம் உட்கார்ந்து சரிபண்ணிட்டேன். கோடு எதுவும் இல்லை. ஆனா சுவர் தகரக்கூரை மாதிரி அலை அலையா தெரியுது" என்றான்.

அவன் விளிம்பைச் சரியாகத்தான் செய்திருந்தான். வெளிச்சத்தைத்தான் தொடவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

டெக்ஸ்ச்சர் என்பது முப்பரிமாண உருவத்தின் மேற்பரப்பில் ஒட்டும் படம். டைல் ஆகும் டெக்ஸ்ச்சர் என்றால் என்ன என்பதற்கு சிங்கப்பூரில் தூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். ஜூ சியட்டிலோ பெட்டேன் ரோட்டிலோ பழைய வீடுகளின் முகப்பில் பெரனாக்கான் ஓடுகள் பதித்திருப்பார்கள். சில ஓடுகளில் நான்கு மூலைகளிலும் கால்வாசிப் பூ இருக்கும். தனியாகப் பார்த்தால் அரைகுறையாகத் தெரியும். நான்கு ஓடுகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு முழுப் பூ மலர்ந்துவிடும். வலது விளிம்பில் முடிகிற கோடு இடது விளிம்பிலிருந்து தொடர வேண்டும், கீழ் விளிம்பு மேல் விளிம்போடு சேர வேண்டும். அவ்வளவுதான் டைல் ஆவதன் இலக்கணம். ஓட்டை வரைந்தவர் அதை மனதில் வைத்தே வரைந்தார். நம் சுவர்ப் படத்துக்கு அப்படி யாரும் திட்டம் போடவில்லை, அதனால் நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும்.

கோடுகளும் கறைகளும் மட்டும் சேர்ந்தால் போதாது. நிறத்தின் அளவும் சேர வேண்டும், அதாவது அது எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதும். அஞ்சடி நடைபாதையின் மேலே கூரை இருக்கிறது, தெருப்பக்கம் மட்டும்தான் திறப்பு. சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து பார்த்தால் கூரையின் விளிம்புக்கு அப்பால் வானம் கொஞ்சம் தெரியும், தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் அங்கேதான் அதிகம் விழும். மேல்பகுதிக்கு வானமே தெரியாது. ஆகவே கீழே வெளிச்சம், மேலே போகப் போக இருட்டு. நேரில் நிற்கும்போது இது நமக்குத் தெரியாது, ஏனென்றால் மூளை அதைச் சமன்செய்து "ஒரே மஞ்சள் சுவர்" என்று சொல்லிவிடும். கேமரா அப்படிச் செய்யாது.

தம்பியின் படத்தைக் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளியைத் தொட்டால் போதாது, அது ஒரு மணலின் நிறமாக இருக்கலாம். கருவியின் அமைப்பில் Sample average என்று இருக்கும், அதன் ஆரத்தைக் கூட்டிக்கொண்டால் சுற்றிலும் உள்ள பகுதியின் சராசரி கிடைக்கும். சிவப்பு அலைவரிசையில், 0 முதல் 255 வரை போகும் அளவில், கீழே 200, மேலே 140. வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் படக்கோப்பில் இருக்கும் எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவல்ல. கண்ணுக்கேற்ப வளைக்கப்பட்டவை, அந்த வளைவு தோராயமாக 2.2 என்ற அடுக்கு. 200-ஐ 140-ஆல் வகுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட 2.2 வரும். ஆக, சுவரின் கீழ்ப்பகுதியில் மேலே விழுவதைவிட இரு மடங்குக்கும் மேல் வெளிச்சம் விழுந்திருக்கிறது.

இப்போது இந்தப் படத்தை மேலும் கீழுமாக அடுக்கினால் என்ன ஆகும்? ஒரு படத்தின் வெளிச்சமான அடிப்பகுதி, அடுத்ததன் இருண்ட தலைப்பகுதியோடு முட்டும். அங்கே ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தேய்த்து மறைத்தால் 200-க்கும் 140-க்கும் இடையிலான தாவல் காணாமல் போகாது. ஒரு மீட்டர் நீளத்தில் மெல்ல ஏறிய வெளிச்சம், ஒட்டிய இடத்தில் ஒரு சாண் தூரத்துக்குள் சரசரவென்று இறங்கும். மெல்ல ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி மெல்ல ஏறி. தம்பி சொன்ன தகரக்கூரை அதுதான். விளிம்பை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் அது போகாது.

சரி, வெளிச்சத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? சுவர்ப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அளவும் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: சுவரின் சொந்த நிறம், அதன்மேல் விழுந்த வெளிச்சம். நமக்கு முதலாவது மட்டும் போதும். பெருக்கலைக் கலைக்க வகுக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இங்கே ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. வெளிச்சம் மெல்ல மாறும், சுவரின் விவரங்கள் (மணல், விரிசல், உரிந்த இடம்) வேகமாக மாறும். படத்தின் ஒரு நகலை எடுத்து நன்றாக மங்கலாக்கினால் வேகமானவையெல்லாம் கரைந்துபோய், மெல்ல மாறுவது மட்டும் மிஞ்சும். அந்த மங்கல் படம்தான் வெளிச்சத்தின் வரைபடம். மூலப் படத்தை இந்த மங்கல் படத்தால் வகுத்தால் வெளிச்சம் நீங்கிவிடும்.

சிலர் வகுக்காமல் கழிப்பார்கள். அதில் சராசரி நிறம் சமமாகிவிடும், ஆனால் விவரங்களின் அழுத்தம் சமமாகாது. இருட்டில் இருந்த மேல்பகுதியில் விரிசலும் மணலும் சோகையாகவே நிற்கும், கீழே அழுத்தமாக இருக்கும். வகுத்தால் இரண்டும் சரியாகிவிடும். அதனால் வகுத்தலையே பழகிக்கொள்ளச் சொல்வேன்.

கிம்ப்பில் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் Image > Precision போய் 32 bit floating point என்று மாற்றிக்கொள்ளுங்கள். வகுத்த விடை வெள்ளையைத் தாண்டிப் போகும், அந்தத் தாண்டிய எண்கள் வெட்டுப்படாமல் இருக்க இது வேண்டும். பிறகு படத்தின் அடுக்கை நகலெடுத்து, மேலே உள்ள நகலுக்கு Gaussian Blur கொடுங்கள், Size X, Size Y இரண்டிலும் 250. உடனே அந்த மங்கல் படத்தின் நடுவிலிருந்து ஒரு நிறத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த அடுக்கின் Mode-ஐ Divide ஆக்குங்கள். படம் வெளுத்துப்போய் அங்கங்கே கறை மட்டும் தெரியும், பயப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய அடுக்கு வைத்து, எடுத்துவைத்த நிறத்தை ஊற்றி, அதன் Mode-ஐ Multiply ஆக்கினால் மஞ்சள் சுவர் திரும்பி வந்துவிடும், இந்த முறை வெளிச்சம் சமமாக. திருப்தியானதும் Image > Flatten Image.

நிறைய சுவர்ப் படங்கள் இருந்தால் ஒவ்வொன்றாக இப்படிச் செய்வது சலிப்பு. பைத்தானில் அதே வேலை சில வரிகளில் முடியும். இதில் சராசரி நிறம் படம் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

```python
import cv2, numpy as np

img = cv2.imread("suvar.jpg").astype(np.float32) / 255
lin = img ** 2.2
light = cv2.GaussianBlur(lin, (0, 0), 250)
flat = lin / light * lin.mean(axis=(0, 1))
out = np.clip(flat, 0, 1) ** (1 / 2.2)
cv2.imwrite("suvar_flat.png", (out * 255).astype(np.uint8))
```

தம்பியின் படத்தில் இதைச் செய்த பிறகு கீழே 171, மேலே 169. இன்னொன்றும் சேர்ந்து நடந்தது. அந்த நடைபாதையின் தரை சிவப்பு ஓடு. அதில் பட்டுத் தெறித்த வெளிச்சம் சுவரின் அடிப்பகுதிக்கு ஒரு செந்நிறச் சாயலைக் கொடுத்திருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக வகுப்பதால் அந்தச் சாயலும் போய்விட்டது.

எல்லோரும் கேட்பது, ஏன் 250 என்று. அந்த எண் படத்தைப் பொறுத்தது. தெருவோரம் நின்று, சுவரிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி, இரு மடங்கு ஜூமில் எடுத்த படம் அது. 4000 புள்ளி அகலத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் சுவர் அடங்கியிருந்தது, அதாவது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். சுவரில் நாம் காப்பாற்ற நினைக்கும் மிகப் பெரிய விவரம் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த ஒரு நீலத் திட்டு, 10 சென்டிமீட்டர், அதாவது 200 புள்ளி. மங்கலாக்கும் அளவு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக, ஒரு 40 என்று கொடுத்துப் பாருங்கள், என்ன தப்பு நடக்கும் என்று கண்ணெதிரே தெரியும். மங்கல் படத்திலேயே அந்த நீலத் திட்டு கரையாமல் நிற்கும். அதனால் வகுக்கும்போது, திட்டையும் வெளிச்சம் என்று எண்ணி கணக்கு அதை அழித்துவிடும். திட்டு வெளிறி, அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் வரும். வளையத்தைக் கண்டால் அளவைக் கூட்டுங்கள். பட்டை இன்னும் மிச்சமிருந்தால் குறையுங்கள்.

இந்த முறையின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. கணக்குக்கு வெளிச்சம் எது, அழுக்கு எது என்று தெரியாது. மெல்ல மாறுவதெல்லாம் அதற்கு வெளிச்சம்தான். நம் ஊர் மழையில் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பாசியும் சேற்றுக் கறையும் ஏறியிருக்கும். அது உண்மையான நிறம், ஆனால் வெளிச்சத்தைப் போலவே மெல்ல மாறும், ஆகவே பாதி அழிந்து அசிங்கமாக மிஞ்சும். பாசி பிடித்த பகுதியை டைலுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதைத் தனியாகப் படமெடுத்து, கட்டடத்தின் அடியில் மட்டும் ஓர் அடுக்காகப் போட்டுக்கொள்ளலாம். எப்படியும் ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் பாசி முளைத்தால் யார் நம்புவார்கள்?

தூணின் நிழல் போன்ற கூர்மையான நிழலும் இந்த முறையில் போகாது, ஏனென்றால் அதன் விளிம்பு வேகமாக மாறுகிறது. அப்படிப்பட்ட படத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மேகமூட்டமான நாளில் மறுபடி போய் எடுப்பது மேல். சிங்கப்பூரில் சூரியன் உச்சியை எட்டுவது பகல் ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் திறந்த வெளிச் சுவரில் வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு மணலுக்கும் கீழே ஒரு குட்டி நிழல் விழும். அந்த நிழல்கள் டெக்ஸ்ச்சருக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும், அப்புறம் பிளெண்டரில் பக்கவாட்டிலிருந்து விளக்கு வைத்தாலும் சுவர் கேட்காது.

படமெடுக்கும்போதே கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. கீழ்ப்பகுதி வெளுத்து 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே விவரமே பதிவாகவில்லை, எதனால் வகுத்தும் அது திரும்பாது. ஆகவே கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். மிகவும் இருட்டாகவும் வேண்டாம். இருண்ட மேல்பகுதியை இரு மடங்கு தூக்கும்போது கேமராவின் புள்ளி இரைச்சலும் இரு மடங்காகும், 100 சதவீத அளவில் பார்த்தால் மேலே மட்டும் மணல் கூடுதலாக இருப்பதுபோல் தெரியும்.

சமன்செய்த படத்திலிருந்து நடுவில் 2048-க்கு 2048 சதுரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், சுவரில் அது சுமார் ஒரு மீட்டர். நடுவில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. படத்தின் ஓரங்களில் மங்கலாக்கும் கணக்குக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை, அதனால் அங்கே அது வெளிச்சத்தைச் சரியாக அளந்திருக்காது. 3000 புள்ளி உயரப் படத்தில் 2048-ஐ நடுவில் வெட்டினால் மேலும் கீழும் 476 புள்ளி கழிந்துவிடும், பிழையான ஓரமும் அதோடு போய்விடும்.

இனி விளிம்பு. இதற்கான வழி மிக அழகானது. Layer > Transform > Offset-இல் By width/2, By height/2 இரண்டையும் அழுத்தி, Wrap around என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் பாதி தூரம் நகர்ந்து, வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கமாக உள்ளே வரும், கீழே போனது மேலே வரும். பெரனாக்கான் ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நான்கு மூலைகளும் நடுவில் கூடிவிட்டன. பழைய விளிம்புகள் இப்போது படத்தின் நடுவில் ஒரு சிலுவைக் கோடாக நிற்கின்றன. புதிய விளிம்புகளோ மூலப் படத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாக இருந்தவை, அதனால் அவை ஏற்கெனவே ஒன்றோடொன்று பொருந்தும். நடுவில் இருக்கும் சிலுவையை அழித்தால் வேலை முடிந்தது. புதிய விளிம்புகளை மட்டும் தொடக்கூடாது.

அழிப்பதற்கு Heal கருவி. வெறும் மணல்பரப்பு இருக்கும் இடத்திலிருந்து மாதிரி எடுத்து, கோட்டின்மேல் துண்டுதுண்டாகப் பூசுங்கள். நேராக இழுக்காதீர்கள், வளைந்து வளைந்து போங்கள், நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். கோடு ஒரு விரிசலையோ நீலத் திட்டின் ஓரத்தையோ வெட்டும் இடத்தில் Heal இரு நிறத்தையும் குழப்பி ஈஷிவிடும். அங்கே Clone கருவிக்கு மாறி, வேறோர் இடத்திலிருந்து உரிந்த ஓரத்தையே கொண்டுவந்து திட்டின் ஓரத்தைத் தொடர்ச்சியாக்குங்கள்.

தம்பி இங்கே ஒரு தவறு செய்தான், நானும் ஆரம்பத்தில் செய்ததுதான். சிலுவையின் நான்கு நுனிகளும் படத்தின் விளிம்பைத் தொடுகின்றன. அந்த நுனிவரை பூசினால், பொருந்தியிருந்த புதிய விளிம்பு அந்த இடத்தில் கெட்டுவிடும். ஆகவே நுனிக்கு ஒரு 100 புள்ளி முன்னாலேயே நிறுத்துங்கள். பிறகு மீண்டும் Offset போய், இரண்டு திசையிலும் 512 நகர்த்துங்கள். பூசாமல் விட்ட நான்கு நுனிகளும் இப்போது படத்தின் உட்பகுதிக்கு வந்து, மேலும் கீழும் இருந்தவை சேர்ந்து ஒரு சின்னக் கோடாகவும், இடமும் வலமும் இருந்தவை சேர்ந்து இன்னொன்றாகவும் நிற்கும். அவற்றைப் பூசிவிட்டால் எங்கும் ஒட்டு இல்லை.

இதையெல்லாம் தானே செய்யும் Tile Seamless என்ற வசதி கிம்ப்பிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். அது படத்தையும் நகர்த்திய நகலையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கிறது. தொடர்பில்லாத இரண்டு மணல்பரப்புகளைப் பாதிப் பாதி கலந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் சமாதானமாகிவிடும், விவரத்தின் அழுத்தம் சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் கலந்த இடங்கள் தண்ணீர் ஊற்றிய பால்போல மங்கித் தெரியும், உரிந்த திட்டுகள் ஆவிபோல இரட்டையாகத் தெரியும். சுவருக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

கடைசியில் சோதனை. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் படத்தைத் திறந்து W அழுத்தினால் அது எல்லாத் திசையிலும் தொடர்ந்து விரியும். முதலில் கிட்டப் போய் ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் 10 சதவீதத்துக்குச் சுருக்கி, கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு பாருங்கள். பட்டை தெரிந்தால் வெளிச்சம் இன்னும் சமமாகவில்லை, மறுபடி வகுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பட்டை இல்லாமல் ஏதோ ஒரு புள்ளி மட்டும் வரிசையாகக் கோலப்புள்ளி வைத்ததுபோல் தெரிந்தால், சுவரில் ஒரே ஒரு கறை மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தம்பியின் சுவரில் அந்த நீலத் திட்டேதான் அப்படி நின்றது. அதை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை, அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தானே. கடைசியில் டைலிலிருந்து அதை Clone-ஆல் மூடிவிட்டு, திட்டை மட்டும் தனிப்படமாக வெட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒட்டினான். நிஜச் சுவரிலும் அது ஒன்றுதான் இருக்கிறது.